திசைதிசைவேகம்

முத்தாபுதுப்பேட்டையில் கிளம்பி ஆவடி போய், கிளம்பிய இடத்துக்கே திரும்பிய பஸ்ஸின் சராசரி வேகம் என்ன? நம்மூர்ப் பாடநூல் ஓர் எண்ணைத் தரும். இலங்கைப் பாடநூல் பூஜ்யம் போடும். பஸ் மேல் தப்பில்லை. அங்கே திசையோடு சேர்ந்ததுதான் வேகம், திசையில்லாதது கதி. இங்கே திசையில்லாதது வேகம், திசையுள்ளது திசைவேகம். இரண்டிலிருந்தும் எடுத்தெழுதிய தமிழ் ஆய்வேட்டில், இரண்டாம் இயலில் ஓடிய பஸ் நான்காம் இயலில் நகராது.

சமர்ப்பிப்பதற்கு முந்தின ராத்திரி ஆய்வாளர் ‘அனைத்தையும் மாற்று’ பொத்தானை அமுக்குவார். நான்காம் இயலின் ‘வேகம்’ எல்லாம் ‘திசைவேகம்’ ஆகும். ஏற்கெனவே இருந்த திசைவேகமோ ‘திசைதிசைவேகம்’ ஆகும். ‘வேகத்தை’, ‘வேகத்தால்’ எல்லாம் வேற்றுமை உருபேற்று மகரம் கெட்டதால் தேடலில் சிக்காமல் தப்பிவிடும். நெறியாளர் திசைதிசைவேகத்தைப் புதிய கலைச்சொல் என்று பாராட்டினாலும் ஆச்சரியமில்லை.