எதிர்த்திசைச் செல்வர்

பேரங்காடிகளின் அடித்தள வாகன நிறுத்தத்தில், தரையில் வரைந்திருக்கும் வெள்ளை அம்புக்குறி பிறருக்கானது என்று நம்பி வாழ்பவரை எதிர்த்திசைச் செல்வர் எனலாம். லிஃப்டுக்கு அருகே ஓர் இடம் காலியாவதைத் தொலைவிலேயே கண்டுவிடும் அவர், முறைப்படி ஒரு சுற்றுச் சுற்றி வருவதைத் தம் தகுதிக்குக் குறைவாகக் கருதி, முகப்பு விளக்கை இருமுறை மின்னவிட்டு, ஒருவழித் தடத்துக்குள் எதிர்ப்புறமாக நுழைகிறார். விளக்கை மின்னவிட்டால் வழி இருவழியாகிவிடும் என்பது அவரது சித்தாந்தம். ‘பத்தடிதானே சார்’ என்பது அதற்கு அவர் எழுதிய உரை; அந்தப் பத்தடி பெரும்பாலும் தடத்தின் முழு நீளமாகவே இருக்கும்.

அம்புக்குறியின் பயன் போக்குவரத்தைச் சீராக்குவதோடு முடிவதில்லை. சாய்வுக் கட்டங்களில், அதாவது தடத்துக்குச் செங்குத்தாக அல்லாமல் அம்பு காட்டும் பக்கம் சாய்த்துக் கோடிட்ட நிறுத்துமிடங்களில், முன்பக்கமாக நுழைந்து நிற்கும் காரின் பின்புறம் முறையாக வரும் வண்டிகளை நோக்கியே இருப்பதால், ரிவர்ஸ் எடுப்பவர் அத்திசையை ஓரளவு நன்றாகவே பார்க்கமுடிகிறது. மறுதிசையை அடுத்த கட்டத்துக் கார் மறைத்துவிடுகிறது. அது பெரிய எஸ்யூவியாக இருந்தால், தம் காரின் பின்பாதி தடத்துக்குள் வந்த பிறகே ஓட்டுநரின் கண்ணுக்கு அப்பக்கம் புலப்படும். எதிர்த்திசைச் செல்வர் வருவது அந்த மறைவிலிருந்துதான். அம்பை நம்பிப் பார்த்தவர் சரியான பக்கம்தான் பார்த்தார். வண்டிதான் தவறான பக்கத்திலிருந்து வந்தது.

நடைவேகம், அதாவது மணிக்கு ஏறத்தாழ 5 கி.மீ. என்னும் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் ஒன்றரை மீட்டருக்கும் குறைவாகவே நகர்கிறது, 20 கி.மீ. வேகத்தில், பிரேக்கில் கால் வைக்கத் தேவைப்படும் அந்த ஒரு நொடிக்குள் ஐந்தரை மீட்டர் போய்விடுகிறது, அதாவது ஒரு காரின் நீளத்தைவிடக் கூடுதல். காலி இடத்தை வேறொருவர் பிடித்துவிடுவாரோ என்ற பதற்றத்தில் செல்வர் பின்பற்றுவது இரண்டாவது வேகத்தையே.

இவ்வளவு விரைந்து வந்தவர், லிஃப்டின் முன் ஐந்து நிமிடம் சாவதானமாக நிற்பதும், கடைசியாக ஓடிவரும் பாட்டிக்காகக் கதவைக் கையால் பிடித்து வைத்திருப்பதும் வியப்புக்குரியவை. அந்த மனிதர் நல்லவர்தான்; ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும்போதுதான் வேறொருவராகிவிடுகிறார்.

ஆயினும் அதே பாட்டி தள்ளுவண்டியோடு தடத்தைக் கடக்கையில் ஹாரன் அடித்தவரும் அவரே. காரிலிருந்து இறங்கிய எவரும் லிஃப்டை அடையத் தடத்தில் நடந்தே ஆகவேண்டும், பெரும்பாலான அடித்தளங்களில் தனி நடைபாதை இல்லை என்பதால்தான் அங்கே நடப்பவருக்கு முன்னுரிமை, வண்டிதான் நிற்கவேண்டும். டிக்கியின் உயரத்தைக்கூட எட்டாத குழந்தை பின்கண்ணாடியில் தெரியாது, ஹாரன் கேட்டால் எந்தப் பக்கம் ஓடும் என்றும் சொல்லமுடியாது.

மோதல் நேர்ந்துவிட்டாலோ, ‘பார்த்து எடுக்கமாட்டீங்களா?’ என்று முதலில் கேட்பவர் செல்வரே. ரிவர்ஸ் எடுத்தவர்மேல்தான் குற்றம் என்று கூட்டமும் தலையசைக்க, அம்பு எந்தப் பக்கம் காட்டுகிறது என்று ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை.