மாசியில் வந்த மெசேஜ்

மாசி பிறந்ததும் எனக்குத் தவறாமல் வருவது ஒரே ஒரு விசாரிப்பு. "அன்பார்ந்த வாடிக்கையாளரே, கோடை நெருங்குகிறது. ஏசி சர்வீஸ் செய்துவிட்டீர்களா?" குடியாத்தம் பஜாரில் இருக்கும் மெக்கானிக் கடையின் வாட்ஸப். பெங்களூரில் இருக்கும் மகன்கூட இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை. நான் ஒரு கும்பிடு போடும் கையை அனுப்பிவிட்டு, ஃபேனைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவேன்.

பங்குனியில் ஒருநாள், ராத்திரி ஒன்பது மணிக்கும் சுவர் சுட்டது. ஏசியைப் போட்டேன். அது ஒரு மணி நேரம் முனகிவிட்டு, என் தலைமாட்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டது. டார்ச் அடித்துப் பார்த்த என் மனைவி, "ஏங்க, உள்ளே ஐஸ் கட்டியிருக்கு" என்றாள். அறை கொதிக்கிறது, அது மட்டும் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது! எங்கள் பெரியப்பா ஞாபகம் வந்தது.

கடைக்குப் போன் செய்தால், "இப்பதான் ஞாபகம் வந்துச்சா சார்? அஞ்சு நாள் ஆகும்" என்றார்கள். அவசரத்துக்குத் தெரிந்த பையன் ஒருவனைக் கூப்பிட்டேன். வந்ததும் வெளியே இருக்கும் பெட்டியில் மீட்டரை மாட்டினான். முள் 95-இல் நின்றது. "கேஸ் கம்மி. 2,500 ஆகும்." வாசலில் வெயிலைப் பார்த்தேன். பணம் தரத் தயாராகிவிட்டேன். நல்லவேளை, அவனிடம் சிலிண்டர் இல்லை.

ஐந்தாம் நாள் கடைக்காரர் வந்தார். மீட்டரைத் தொடவே இல்லை. முன்மூடியைத் திறந்து ஃபில்டரை உருவினார். பக்கத்துத் தெருத் தறிகளின் பஞ்சு அத்தனையும் அதில் கம்பளமாகப் படிந்திருந்தது. "சார், இதுல ஒரு லுங்கியே நெய்யலாம்."

பிளாஸ்டிக் பை கட்டி, காயிலையும் புளோயரையும் பம்பால் கழுவினார். பக்கெட்டில் இறங்கிய தண்ணீர் காபி டிகாக்‌ஷன் நிறம். வடிகால் குழாயை ஊதியதும் பாசி ஒரு கட்டியாக வந்து விழுந்தது. வெளிப்பெட்டியையும் கழுவி, இருபது நிமிடம் ஓடவிட்ட பிறகுதான் மீட்டரை மாட்டினார். 130.

"கேஸ் போடாமலே ஏறிடுச்சே!"

"அது எங்கேயும் போகல சார். காத்து போகாம காயில் உறைஞ்சுச்சு, பிரஷர் இறங்கிச்சு. கழுவாம மீட்டர் மாட்டினா அது பொய்தான் சொல்லும். கேஸ் என்ன பெட்ரோலா, ஓடி ஓடித் தீர? குறைஞ்சா எங்கேயோ லீக். ஜாயின்ட்ல எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், சோப்பு நுரை வெச்சா குமிழ் வரும். அதை அடைக்காம கேஸ் மட்டும் போட்டா, அடுத்த வருஷம் மறுபடி அதே 2,500."

பில் 600 ரூபாய். அந்தப் பிசுக்கை நானும் தேடிப் பார்த்தேன், இல்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது வந்ததும் மீட்டரை எடுத்தால், ஒரு டம்ளர் மோர் கொடுத்து உட்காரவைத்து, முதலில் ஃபில்டரைக் கழற்றச் சொல்லுங்கள்.