தலைமாட்டுப் பஞ்சாயத்து

கே: திருவந்திபுரம் மலையில் கல்யாணம் முடிந்தது. கட்டில், மெத்தை, பீரோ, டிரெஸ்ஸிங் டேபிள் எல்லாம் சீராக வந்து இறங்கிவிட்டன. கட்டில் பக்கத்தில் வைக்கிற சைடு டேபிள் மட்டும் வரவில்லை. மாமனாரிடம் கேட்கலாமா?
– புது மாப்பிள்ளை, திருவந்திபுரம்

ப: மாமனார் மனசு வைத்துக் கொடுத்தால் அது சீர். மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டால் அதற்குச் சட்டத்தில் வேறு பேர். சும்மா இருங்கள். அதுவுமில்லாமல், அவர் வாங்கியிருந்தாலும் சரியாக அமைந்திருக்காது. மெத்தையைக் கட்டிலில் போட்டபிறகுதான் டேபிளின் உயரமே தெரியும். அளவு எடுத்து அனுப்புங்கள், பார்ப்போம்.

கே: அளந்தாயிற்று. தரையிலிருந்து கட்டில் பலகை 17 அங்குலம், மெத்தை 8 அங்குலம். வெளி அளவில் கட்டிலின் அகலம் 75 அங்குலம். அறை பத்துக்குப் பத்து. கடையில் 20 அங்குல உயரத்தில் அழகான டேபிள் இருக்கிறது. மனைவிக்குப் பிடித்துவிட்டது.
– அதே மாப்பிள்ளை

ப: மனைவிக்குப் பிடித்தபிறகு என்னிடம் கேட்கிற உங்கள் துணிச்சலைப் பாராட்டுகிறேன்.

பதினேழும் எட்டும் இருபத்தைந்து. ஆள் படுத்தால் மெத்தை ஓர் அங்குலமாவது அமுங்கும். ஆகவே டேபிளின் மேல்பலகை 24லிருந்து 26 அங்குலத்துக்குள் இருந்தால் சரி. ஒன்றிரண்டு அங்குலம் உயர்ந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், தாழ்ந்தால்தான் தொல்லை. 20 அங்குல டேபிள் உங்கள் மெத்தைக்கு ஐந்து அங்குலம் கீழே நிற்கும். நடுராத்திரியில் கண்ணை மூடியபடி கையை நீட்டினால், டம்ளர் தட்டுப்படும் முன்பே கவிழும். ரொம்ப உயரமாக இருந்தாலும் வம்புதான். புரண்டு படுக்கிறவர் எழும்போது டேபிள் முனை நெற்றியைப் பதம் பார்க்கும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. மல்லாந்து படுத்து, தோளை அசைக்காமல் கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லுங்கள். உள்ளங்கை எந்த மட்டத்தில் வந்து நிற்கிறதோ, அங்கே சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அதுதான் உங்கள் டேபிள். இருவரும் தனித்தனியாகப் படுத்து அளப்பது உத்தமம். ஒரே மெத்தை எண்பது கிலோவுக்கும் ஐம்பது கிலோவுக்கும் ஒரே மாதிரி அமுங்காது. யார் எண்பது என்று நான் கேட்கமாட்டேன்.

இனி அகலம். பத்தடி அறை என்றால் 120 அங்குலம். கட்டிலுக்கு 75 போனால் மிச்சம் 45, பக்கத்துக்கு இருபத்திரண்டரை. கட்டிலுக்கும் டேபிளுக்கும் நடுவே இரண்டு அங்குலம் விடுங்கள். போர்வையைச் செருக, கொசுவலையை இழுத்துவிட அந்த இடம் வேண்டும். கடலூர்ப் பக்கம் கொசுவலையை மறந்து மரச்சாமான் வாங்குகிறவர் வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். டேபிளின் அகலம் 16 அங்குலம் போதும். சுவரோரம் மிஞ்சுகிற நாலரை அங்குலம் திரைச்சீலைக்கு.

அந்த 20 அங்குல டேபிளைத்தான் வாங்கியாக வேண்டும் என்றால், ஆசாரியிடம் சொல்லி அடியில் ஐந்து அங்குலத்துக்கு ஒரு பீடம் அடித்துக்கொள்ளுங்கள். செங்கல்லை முட்டுக் கொடுக்காதீர்கள், ஒரு நாள் ஆடும்.

கே: பண்ருட்டிப் பலாமரத்தில் செய்யச் சொல்லலாமா? கடைக்காரர் பார்ட்டிக்கிள் போர்டு போதும் என்கிறார்.
– ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

ப: தாராளமாகச் செய்யச் சொல்லலாம். பலாவின் வைரப்பகுதி மஞ்சளாகத் தொடங்கி, நாள்பட நாள்படச் சிவந்து பழுப்பேறும், கரையான் எளிதில் தொடாது. ஓரத்தில் இருக்கிற வெளிறிய பகுதிக்கு அந்தக் குணம் கிடையாது, வண்டு துளைத்துவிடும். பலகையில் வெள்ளைப் பட்டை தெரிந்தால் அதை ஒதுக்கச் சொல்லுங்கள்.

ஈரம் காயாத மரத்தை வாங்கிவிட்டால் ஐப்பசி மழையில் டிராயர் உப்பி, இழுத்தாலும் வராது. சித்திரையில் அதுவே சுருங்கி லொடலொட என்று ஆடும். டிராயருக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி விடச் சொல்லுங்கள். பார்ட்டிக்கிள் போர்டைப் பொறுத்தவரை, மேலே ஒட்டிய தாளின் ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் பலகை ஊதிவிடும், அது திரும்ப வற்றாது. தலைமாட்டில் சொம்பு வைக்கிற வீட்டுக்கு அது தோதில்லை.

கே: அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. மாத்திரை, கண்ணாடி, டார்ச், விபூதி, விசிறி எல்லாம் கைக்கெட்ட வேண்டும். எத்தனை டிராயர் வைக்கலாம்?
– நெல்லிக்குப்பத்து மகள்

ப: ஒன்று. டிராயர் கூடக் கூட, எதில் எது என்பது அப்பாவுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் மறந்துபோகும். மேலே நாலு அங்குல ஆழத்தில் ஒரு டிராயர், அதன் கீழே கதவில்லாத திறந்த தட்டு. டார்ச் திறந்த தட்டில் இருக்கட்டும். கரண்ட் போன பிறகு டிராயரைத் துழாவித் தேடுகிற பொருளாக டார்ச் இருக்கக் கூடாது.

மேல்பலகையில் மூன்று ஓரத்திலும் அரை அங்குலத்துக்கு விளிம்பு வைக்கச் சொல்லுங்கள், கண்ணாடி உருண்டு விழாது. கட்டில் பக்கத்தை மட்டும் விட்டுவிடலாம், கை இடிக்கும். சக்கரம் வைத்த டேபிள் வேண்டவே வேண்டாம். வயதானவர் எழும்போது டேபிளை ஊன்றித்தான் எழுவார். அது நகர்ந்தால் அவரும் நகர்வார்.

மாத்திரை இருக்கிற டிராயரில் சார்ஜரைப் போடாதீர்கள், மூடின இடத்தில் சார்ஜர் சுடும். பேரப்பிள்ளைகள் வந்துபோகிற வீடென்றால் அந்த டிராயருக்குப் பூட்டு வையுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையின் துண்டு என்று சொல்லப்படும் ஔஷதகிரி இருக்கிறது. இருந்தாலும் பழைய மாத்திரையைச் சேர்த்து வைத்து டிராயருக்குள் இன்னொரு மலை கட்ட வேண்டாம். தேதி முடிந்ததை அவ்வப்போது கழித்துக்கட்டுங்கள்.

கே: பிளக் பாயின்ட் கட்டில் தலைப்பலகைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கித் தலையணைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டோம். மூன்று போன் ஏறுகிறது. லோடு தாங்காது என்று மாமியார் சொல்கிறார்.
– மருமகள், சிதம்பரம்

ப: மாமியார் சொல்கிற காரணம் தப்பு, பயம் சரி. ஆறு ஆம்பியர் பாயின்ட் ஆயிரத்து முந்நூறு வாட்டுக்கு மேல் தாங்கும். மூன்று போன் சார்ஜரும் சேர்ந்தால் சாதாரணமாக நூறு வாட்டைத் தாண்டாது. ஆபத்து லோடில் இல்லை, தளர்ந்த பிளக்கில் இருக்கிறது. பின் சரியாகக் கவ்வாத இடத்தில் பொறி பறக்கும், பிளாஸ்டிக் உருகும், அதன்மேல் பஞ்சுத் தலையணை கிடக்கும். பிளக்கை லேசாக ஆட்டினால் சார்ஜ் நின்று நின்று ஏறுகிறதா, ஓட்டையைச் சுற்றிப் பழுப்பேறியிருக்கிறதா, தொட்டால் சுடுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் பாக்ஸை இன்றே தூக்கிப் போடுங்கள்.

நிரந்தரமான வழி சுவரில்தான். டேபிள் 25 அங்குலம் என்றால், சுவிட்ச் பாக்ஸின் அடிப்பகுதி தரையிலிருந்து 30 அங்குலத்தில் வரட்டும். சார்ஜர் செருகி வயர் வளைந்து இறங்க அந்த ஐந்து அங்குலம் தேவை. டேபிள் மட்டத்துக்குக் கீழே வைத்தால் கவிழ்ந்த தண்ணீர் நேரே பாயின்டுக்குப் போகும். தலையணைக்கு நேர் மேலேயும் வேண்டாம், டேபிளின் வெளி ஓரத்துக்கு நேராக இருக்கட்டும். சொம்பு கட்டில் பக்கம், போன் சுவர்ப்பக்கம். சுவரை வெட்ட மனசில்லையென்றால், பழைய பாயின்டிலிருந்து கேஸிங் பட்டி அடித்து மேலே கொண்டுவரலாம். எலெக்ட்ரீஷியன் வந்த கையோடு அறை விளக்குக்கு டூ வே சுவிட்சும் போட்டுக்கொள்ளுங்கள். லைட்டை யார் எழுந்து அணைப்பது என்ற வழக்கு அன்றோடு தள்ளுபடி.

கே: கொசு மருந்து மெஷினையும் அதே பாயின்டில் செருகலாமா?
– தூக்கம் வராதவர், புவனகிரி

ப: வேண்டாம். அதை மூக்குக்குப் பக்கத்தில் வைத்தால் கொசுவுக்கு முன் நீங்கள் இருமுவீர்கள். கால்மாட்டுச் சுவரில் செருகுங்கள். பாட்டில் நட்டமாக நிற்கிறதா என்று பாருங்கள், சாய்ந்தால் கசியும். கொசுவலைக்குள் படுக்கிறவருக்கு அந்தச் செலவும் மிச்சம்.