அறுபது டாலர் மேயர்கள்

2013 மார்ச் 5 அன்று அமெரிக்காவில் அறுபது டாலர் கட்டியவர்களுக்கெல்லாம் மேயர் பதவி கிடைத்தது. ஊர் கட்டும் கணினி விளையாட்டான 'சிம்சிட்டி' புதிதாக வந்திருந்தது. பதவியேற்கப் போனவர்களைச் சர்வர் வாசலிலேயே நிறுத்தி, கடிகாரத்தைக் காட்டி, காத்திருக்கச் சொன்னது. கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்தது, கதவு திறக்கவில்லை, மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கியது. ஒண்டியாக உட்கார்ந்து ஊர் கட்டுகிறவனுக்கும் இணையம் கட்டாயம் என்று விதித்துவிட்டு, எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ணிப் பார்க்காத மகான்கள் இதைச் செய்தவர்கள்.

முக்கி முனகி உள்ளே போனவர்களின் ஊரும் அந்தச் சர்வரில்தான் சேமிக்கப்பட்டது. நெரிசலுக்கு மருந்தாகப் புதிய சர்வர்களைத் திறந்தார்கள். அங்கே போகலாம், ஆனால் கட்டிய ஊர் பழைய சர்வரிலேயே கிடக்கும். சுமை குறைய, ஆட்டத்தின் அதிவேக ஓட்டத்தையே நிறுத்தினார்கள். விற்ற பொருளிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றிக்கொண்டு போவதற்குப் பெயர் பராமரிப்பு!

பிறகு வந்தது மன்னிப்பு. ஆட்டத்தைச் செய்த மேக்ஸிஸின் பொது மேலாளர் லூசி பிராட்ஷா எழுதினார்: எதிர்பார்த்ததைவிட நிறையப் பேர் வந்துவிட்டார்கள், முன்னோட்டச் சோதனையில் பார்க்காத விதங்களில் விளையாடினார்கள், நாங்கள் செய்தது முட்டாள்தனம். கடைசி வரியைப் பாராட்டத்தான் வேண்டும். அவ்வளவு தூரம் இறங்கிவரும் மேலாளர்கள் அரிது. ஆனால் எதை முட்டாள்தனம் என்கிறார்? சர்வரைக் குறைத்து வைத்ததை. சர்வரைக் கட்டாயமாக்கியதை அல்ல. கள்ளப் பிரதி எடுக்க முடியாதபடி போட்ட பூட்டில் காசு கொடுத்தவனின் விரல் நசுங்கியது. அதற்கு வருத்தம் கிடையாது.

இழப்பீடாக, மார்ச் 18-க்குள் பதிவு செய்தவர்களுக்கு ஆட்டத்தை வெளியிட்ட எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் கிடங்கிலிருந்து ஒரு விளையாட்டு இலவசம். பட்டியலைப் படித்தவர்கள் சிரித்திருப்பார்கள், அல்லது மேசையைக் குத்தியிருப்பார்கள். அதில் 2003-இல் வந்த 'சிம்சிட்டி 4'-உம் இருந்தது. இணையமே கேட்காமல், சொந்தக் கணினியில், நினைத்த நேரத்தில் ஓடுவது! ஓடாத புதிய ஊருக்கு ஈடு, ஓடுகிற பழைய ஊர். அந்தப் பட்டியலைத் தயாரித்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்ததா, மனசாட்சி இருந்ததா தெரியவில்லை. இரண்டில் ஒன்று நிச்சயம்.

"இணையம் இல்லாமல் ஓட்டினால் என்ன?" என்று கேட்டார்கள். கணக்கில் கணிசமான பகுதியைச் சர்வர்தான் போடுகிறது, மாற்றுவதற்குப் பெரிய பொறியியல் வேலை வேண்டும் என்று பதில் வந்தது. சிலர் இணைப்பைப் பிடுங்கிப் பார்த்தார்கள். சர்வர் இல்லாத ஊரில் இருபது நிமிடம் போல வண்டிகள் ஓடின, கட்டடங்கள் எழுந்தன. அதன் பிறகுதான் ஆட்டம் தானே வெளியே தள்ளியது. ஒருவர் அந்த நேரக்கட்டை நீக்கினார். ஊர் பாட்டுக்கு ஓடியது.

2014 மார்ச்சில், ஓராண்டு கழித்து, இணையமின்றி விளையாடும் வசதியை நிறுவனமே பத்தாம் புதுப்பிப்பாகக் கொண்டுவந்து, புதிய சிறப்பம்சம் என்று அறிவித்தது.