மாப்ளைக்கு இனி வண்டி வராது

சக்குபள்ளத்தில் ஒருவரிடமிருந்து ஒளிந்துகொள்வது நடக்காத காரியம். நகரத்தில் வேண்டாத நட்பை முடிக்க நினைப்பவர் போனை எடுக்காமல் விட்டால் போதும், நாலு மாதத்தில் தானாக அடங்கிவிடும். இங்கே அப்படியில்லை. போனை எடுக்கவில்லை என்றால் சாயங்காலம் அணக்கரை டீக்கடையில் ஆள் நேரிலேயே வந்து நிற்பார். "கூப்பிட்டேனே, சிக்னல் இல்லையா?" என்பார். கேரளத்தையும் தமிழ்நாட்டையும் பிரிக்கும் மலையோரத்தில் சிக்னல்மேல் பழிபோடுவது சுலபம்தான். ஆனால் அவர் பக்கத்துத் தோட்டத்துக்காரர். அதே டவரில்தான் அவர் போனும் ஓடுகிறது.

இந்தக் கட்டுரைக்காரர் கொஞ்சம் ஏலத்தோட்டமும், அதைவிட வயதான ஒரு ஜீப்பும் வைத்திருப்பவர். நண்பர் பள்ளிக்கூடக் காலத்துக் கூட்டாளி. இரண்டு பேருடைய அப்பாக்களும் கம்பத்திலிருந்து மலையேறி வந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் சிலேட்டில் தொடங்கிய இரவல், காலப்போக்கில் வளர்ந்து ஜீப்பில் வந்து நின்றது. கம்பத்து ஆஸ்பத்திரிக்கு, குமுளி பேங்குக்கு, மச்சினன் வீட்டு வளைகாப்புக்கு என்று எல்லாவற்றுக்கும் அந்த வண்டிதான். டீசலைப் பற்றிய பேச்சு மட்டும் எந்தப் பயணத்திலும் வந்ததில்லை.

நட்பு ஒருபக்கச் சாய்வாகிவிட்டதா, அல்லது நண்பருக்கு இது கஷ்டகாலமா என்று பிரித்துப் பார்ப்பது லேசான வேலையில்லை. கஷ்டகாலத்தில் இருப்பவரை விட்டு ஓடுவது அயோக்கியத்தனம். கட்டுரைக்காரருக்கு இதைத் தீர்த்துவைத்தது ஏலக்காய் விலை. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த நாட்களில் நண்பரிடமிருந்து போனே இல்லை. வழியில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். 2021-இல் விலை சரிந்து ஆயிரத்தை ஒட்டி வந்ததும் போன் அடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு அழைப்பும் ஒரு மணி நேரம். மழை, அழுகல் நோய், ஸ்டோருக்கு விறகு, கூலி ஆள் வராதது, மருமகளின் வாய் என்று ஒன்றுவிடாமல் பேசுவார். கட்டுரைக்காரருக்கும் அதே மழை, அதே அழுகல் நோய்தான். அதைச் சொல்ல வாயெடுத்தால், "சரி மாப்ளே, சார்ஜ் இல்லை, வச்சிடறேன்" என்பார்.

2018 வெள்ளமும் உண்டு. 26 வருஷம் கழித்துச் செறுதோணி மதகுகளைத் திறந்த மாதம் அது. இடுக்கி முழுக்க மண் சரிந்து ரோடுகள் அறுந்து கிடந்தன. கட்டுரைக்காரர் வீட்டின் பின்சுவர் விழுந்த அன்று நண்பர் கூப்பிட்டார். "வண்டி பத்திரமா இருக்கா?" என்று கேட்டார்.

இந்த மாதிரிச் சமயத்தில் தமிழன் திருவள்ளுவரிடம் போவது வழக்கம். போனால் குழப்பம்தான் மிஞ்சும். நட்புக்கு அவர் 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். பழைமை அதிகாரத்தில், நெடுநாள் நண்பன் உரிமையோடு கேட்காமலே ஒன்றைச் செய்துவிட்டால் பெரியவர்கள் அதை விரும்பி ஏற்பார்கள் என்கிறார். ஜீப் சாவியைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போகிற எல்லா மாப்ளைகளும் தங்கள் கட்சிக்கு வைத்திருக்கும் அதிகாரம் இதுதான். அடுத்த அதிகாரம் தீ நட்பு. அதில் 818-ஆம் குறள், நம்மால் முடிகிற வேலையைக்கூட முடியாமல் கெடுப்பவரின் உறவை வாய் திறந்து எதுவும் சொல்லாமல் மெல்லத் தளரவிடச் சொல்கிறது. சண்டை வேண்டாம், அறிக்கை வேண்டாம், கயிற்றை மட்டும் தளர்த்து என்கிறார். அருமையான யோசனைதான். ஆனால் வள்ளுவருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இந்த நண்பர் இல்லை.

கட்டுரைக்காரரும் முதலில் அந்த வழியில்தான் இறங்கினார். வாய் திறக்காமல் தளர்த்துவதற்குச் சாக்குகள் வேண்டியிருந்தன. இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. சாக்கு என்பது நண்பரின் பார்வையில் தீர்க்கவேண்டிய ஒரு சிக்கல், அவ்வளவுதான். கிளட்ச் போய்விட்டது என்றார். மறுநாள் காலையிலேயே நண்பர் கம்பத்திலிருந்து மெக்கானிக்கோடு வந்தார், மெக்கானிக்கின் கூலி கட்டுரைக்காரர் தலையில் விழுந்தது. காய் எடுப்பு நடக்கிறது, நேரமில்லை என்றார். "நீ எதுக்கு வரணும், சாவியைக் குடு" என்றார் நண்பர். காரணம் சொல்கிற வரைக்கும் பேரம் முடிவதில்லை.

இதற்கு ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆய்வாளர் லெஸ்லி பாக்ஸ்டர் 1980-களில் உறவை முடிக்க மனிதர்கள் கையாளும் வழிகளை வகைப்படுத்தினார். சொல்லாமல் விலகுவது ஒன்று. நம்மோடு பழகுவதே எதிராளிக்குச் சகிக்காதபடி நடந்துகொண்டு, அவரே ஓடும்படி செய்வது இன்னொன்று. இந்த இரண்டாவது வழி நம் ஊரில் மிகப் பிரபலம். கடுகடுவென்று இருப்பது, டீக்கடையில் குத்திப் பேசுவது, கடைசியில் "அவன்தான் பேசறதை நிறுத்தினான்" என்று சாதிப்பது. கொடுமை என்றால் இதுதான் கொடுமை. மூஞ்சிக்கு நேரே முடியாது என்பதெல்லாம் இதற்குப் பக்கத்தில் வராது.

ஆகவே சொல்லிவிடுவது என்று தீர்மானம் ஆனது. நண்பர் வண்டி கேட்டு வந்து நிற்கிற நேரத்தில் சொல்லக்கூடாது. அவசரத்தில் கைவிட்டான் என்ற பேர் ஆயுசுக்கும் நிற்கும். கேட்பதற்கு எதுவும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, கட்டுரைக்காரரே அவர் வீட்டுக்குப் போனார். டீக்கடையும் கூடாது, அங்கே சாட்சிகள் அதிகம்.

"மாப்ளே, இனிமே வண்டிக்கும் கைமாத்துக்கும் என்னை எதிர்பார்க்காதே. என்னால முடியலை. டிரைவர் நம்பர் ஒண்ணு தர்றேன், ராத்திரியிலும் வருவான்."

நண்பர் கேட்க வேண்டியதைக் கேட்டார்: "நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

இது ஒரு கண்ணி. பதில் சொல்லப் போனால் பட்டியல் நீளும், நீண்டால் ஒவ்வொன்றுக்கும் மறுப்பு வரும், ராத்திரி பத்து மணிக்குச் சிலேட்டு வரை போய் நிற்கும். கட்டுரைக்காரரின் மனைவி அந்தப் பட்டியலைக் குக்கர் இரவல் உட்பட வரிசையாக மனப்பாடம் செய்து கொடுத்திருந்தார். கட்டுரைக்காரர் எதையும் எடுக்கவில்லை. "தப்புன்னு ஒண்ணுமில்லை. எனக்கு முடியலை" என்றார். மறுபடி கேட்டபோதும் அதையேதான் சொன்னார். புதிதாக ஒரு வார்த்தை கிடைத்திருந்தாலும் நண்பர் அதைப் பிடித்துத் தொங்கியிருப்பார்.

பழைய கைமாற்று ஒன்று பாக்கி இருந்தது. அதைக் கேட்கவில்லை, தள்ளிவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லவுமில்லை. ஏதாவது கொடுத்தாவது பொருந்தாத நட்பைவிட்டு விலகு என்று 800-ஆம் குறளில் வள்ளுவர் சொல்லியிருப்பதை, கட்டுரைக்காரர் தன் கணக்கில் இப்படி எழுதிக்கொண்டார்.

பிறகு கொஞ்சகாலம் டீக்கடையில் நண்பர் தரப்புச் செய்தி ஓடியது. ஏலக்காய்ப் பணத்தில் கட்டுரைக்காரருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டதாம். விலை ஆயிரத்தில் கிடந்த வருஷத்தில் இதைக் கேட்டு டீ மாஸ்டரே சிரித்தார். கட்டுரைக்காரர் மறுத்துப் பேசவில்லை, எதிர்ப்பட்டால் சிரிப்பதையும் நிறுத்தவில்லை. நண்பரின் அம்மா தவறியபோது முதல் ஆளாகப் போனார், அன்றைக்கு ஜீப்பும் போனது. சாவுக்கு வண்டி விடமாட்டேன் என்று யாரும் சொல்லவில்லையே.

போன வைகாசியில் நண்பர் மகளின் கல்யாணப் பத்திரிகை வந்தது. தாம்பூலத் தட்டோடு நண்பரே வந்தார். பெண்ணழைப்புக்கு வண்டி கேட்பார் என்று மனைவி உள்ளேயிருந்து கண்ணால் எச்சரித்தார். "வேன் பேசியாச்சு மாப்ளே, கம்பத்து ஆள், நல்ல வேன்" என்றார் நண்பர், யாரும் கேட்காமலே. கட்டுரைக்காரருக்கு லேசாக வலித்தது. தன் ஜீப்பைவிட அது அப்படி என்ன நல்ல வேன் என்று தெரிந்துகொள்ள ஆசையாகவும் இருந்தது. மொய் எவ்வளவு எழுதுவது என்பதில்தான் வீட்டில் இழுபறி. வராத கைமாற்றைக் கழித்துக்கொண்டு எழுதலாம் என்பது மனைவியின் கட்சி.