கிளறல் இலாகா

தேங்காய்ப் பொடி அரைக்கும் நாளில் எனக்கு எங்கள் வீட்டில் ஒரே வேலைதான்: கிளறுவது. காரம், புளி, உப்பு பற்றிய கொள்கை முடிவெல்லாம் மனைவியின் இலாகா. ஒரு மூடித் தேங்காய்த் துருவல், அரை கப் உளுத்தம்பருப்பு, கால் கப் கடலைப்பருப்பு, எட்டு மிளகாய் வற்றல் என்று அளந்து வைத்துவிட்டு, "கையை எடுக்காதீங்க" என்று உத்தரவு போட்டுவிட்டுப் போய்விடுவாள்.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் ஒரே வேலையாகப் போய்விடுமே என்று எந்தக் கணவனுக்கும் தோன்றும். கடலைப்பருப்பு தடித்த ஆசாமி. உள்ளே சூடு போய்ச் சேர நேரமாகும். அதற்குள் உளுந்து கறுத்துவிடும். அதனால் தனித்தனியாகத்தான், அதுவும் சிறு தீயில். தீயைக் கூட்டினால் பருப்பு மேலே சிவந்து உள்ளே பச்சையாக நிற்கும். கண்ணை நம்பக் கூடாது. ஒன்றை ஆறவைத்துக் கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும். இந்தச் சோதனையை நான் மிகவும் பொறுப்போடு, பல தடவை செய்வேன்.

கடைசியில் தேங்காய். முதலில் ஆவி விட்டுக்கொண்டு சட்டியோடு ஒட்டும், ஒன்றுமே நடக்காது. ஈரம் போகிறவரை அப்படித்தான். போனதும் துருவல் உதிரியாகிச் சரசரக்கும். அப்புறம் நிறம் மாற அதிக நேரம் பிடிக்காது. வாசலில் கூரியர்காரர் மணி அடிப்பதும், சம்பந்தி போன் செய்வதும் சரியாக அப்போதுதான். யார் வந்தாலும் கரண்டி நிற்கக் கூடாது. பொன்னிறத்துக்குச் சற்று முன்பே அடுப்பை அணைத்து உடனே தாம்பாளத்தில் கொட்டிவிட வேண்டும். இரும்புச் சட்டிக்கு அடுப்பு அணைந்த செய்தி மெதுவாகத்தான் போய்ச் சேரும். அதுவரை அது வறுத்துக்கொண்டே இருக்கும்.

பிறகு வருவதுதான் பெரிய சோதனை: சும்மா இருப்பது. சூட்டோடு மிக்ஸியில் போட்டால் மூடியில் ஆவி வியர்த்துப் பொடிக்குள் சொட்டும். தேங்காயும் தன் எண்ணெயை விட்டு, பொடி என்று தொடங்கியது துவையலாக முடியும். அதற்காக ராத்திரி முழுக்கப் பரப்பி வைப்பதும் தப்பு, மழைக்காலத்தில் பருப்பு நமத்துப்போகும். தொட்டால் சூடு தெரியாத பதத்தில், முதலில் மிளகாயும் வறுத்த புளியும் உப்பும், அடுத்துப் பருப்பு, கடைசியாகத் தேங்காய். அதையும் விட்டு விட்டு இரண்டு சுற்றுதான்.

அரைத்த சூடு ஆற மறுபடியும் பரப்ப வேண்டும். ஆறாமல் பாட்டிலில் அடைத்தால் கட்டிதட்டும். பச்சைத் தேங்காய் என்பதால் அதிக நாள் தாங்காது, ஒரு வாரத்தில் தீர்த்துவிட வேண்டும் என்பாள் மனைவி. அவள் கவலை வீண். இந்த இரண்டாவது ஆறலின்போது பையன் தட்டில் நாலு இட்லியோடும் நல்லெண்ணெய்ப் புட்டியோடும் தாம்பாளத்தின் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவான், எதிரே நான்.