நெட் ரேட்

1999-ல் என் ஆபீஸ், தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சு. வாடகை கிடையாது. நாளைக்கு ஆறு டீ குடித்தால் போதும். என்னோடு இன்னும் ஏழெட்டுப் பேர் அதே பெஞ்சில் ஆபீஸ் வைத்திருந்தார்கள். எங்கள் சொத்து ஒரு டிவிஎஸ் 50, சட்டைப்பையில் மடித்த இரண்டு மனை வரைபடங்களின் ஜெராக்ஸ், யாரோ வெளிநாட்டுப் பார்ட்டி வந்திருப்பதாக ஒரு வதந்தி.

இன்று எனக்குக் கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ் இருக்கிறது. சுவரில் சான்றிதழ் தொங்குகிறது. டீ ஃபிளாஸ்கில் வருகிறது. அந்தப் பெஞ்சு டீயின் ருசி மட்டும் இல்லை.

அப்போது நாங்கள் பிழைத்தது நெட் ரேட்டில். மனைக்காரர் "எனக்குச் சதுரடிக்கு 90 ரூபாய் கையில் வரணும்" என்பார். வாங்குகிறவரிடம் நாங்கள் 100 சொல்வோம். நடுவில் இருக்கும் பத்து ரூபாய் எங்களுடையது. அதற்கு மேல் வாங்குகிறவரிடம் இரண்டு சதவீதக் கமிஷன் தனி. இந்தக் கணக்கு நிற்க ஒரே ஒரு விதிதான்: கிரையத்தன்று வரை இருவரும் தனியாகப் பேசிவிடக் கூடாது. இரண்டு பேரையும் சேர்த்து வைப்பவன் என்று ஊர் எங்களை நினைத்திருந்தது. நாங்களோ பகலெல்லாம் அவர்களைப் பிரித்து வைக்கத்தான் பாடுபட்டோம்.

வருமானம் எப்படி வந்தது என்பதற்கு என் பழைய நோட்டு சாட்சி. அந்த வருஷம் முழுக்க 71,000 ரூபாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதில் 52,000 தையிலும் ஆவணியிலும் மட்டும் வந்தது. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் கிரையம் செய்ய மாட்டார்கள். அந்தப் பக்கங்களில் டீக்கடை பாக்கி தவிர வேறு எழுத்தே இல்லை. தையில் மனைவிக்கு வளையல் வாங்குவேன், ஆடியில் அதை அடகு வைப்பேன். அந்த வளையல் எங்கள் வீட்டில் இருந்ததைவிட சேட்டு கடையில் இருந்த நாட்கள் அதிகம்.

அந்த ஆடியில்தான் மனை வாங்க ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். ஆடி கழிந்ததும் ஆவணி முதல் முகூர்த்தத்தில் பதிய வேண்டும் என்றார். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுரடி. நெட் 90, சொன்ன விலை 100. இடையில் 24,000, கமிஷன் 4,800. வளையலை மீட்டு, பெண்ணின் பள்ளிக் கட்டணத்தையும் கட்டி, ஒரு மாசம் பெஞ்சில் உட்காராமலே இருக்கலாம்.

பத்திரங்களும் பார்க்க லட்சணமாக இருந்தன. விற்பவரின் அப்பா 1968-ல் வாங்கிய மூலப்பத்திரம். 1995-ல் அவர் மகனுக்கு எழுதிக் கொடுத்த செட்டில்மென்ட். சர்வே எண் 112/2பி. அந்த எண்ணுக்குப் போட்ட வில்லங்கச் சான்றில் மகனின் பத்திரத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. வில்லங்கமே இல்லாத மனை என்று வாத்தியாரிடம் நானே கை அடித்துச் சொன்னேன்.

பிறகு ஒரு ராத்திரி, பக்கத்து மனையின் பத்திர நகல் என் பையில் கிடைத்தது. அதை இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான்தான் விற்றுக் கொடுத்திருந்தேன். பத்திரத்தின் கடைசியில் செக்குபந்தி எழுதியிருப்பார்களே, நான்கு எல்லைகளிலும் யார் யார் நிலம் என்று. அதில் தெற்கு எல்லைக்கு நேரே விற்பவரின் அக்கா பெயர் இருந்தது. அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் அக்கா எங்கிருந்து வந்தார்? தெற்கே இருப்பது நான் விற்கப்போகும் மனை அல்லவா?

மறுநாள் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பத்திர எழுத்தர்தான் விளக்கினார். "112/2பி எப்பப் பொறந்துது தெரியுமா? தொண்ணூத்தி நாலுல உட்பிரிவு பண்ணினப்போ. அதுக்கு முன்னாடி முழுசும் 112/2. நீ புது நம்பர்ல தேடினா பழைய நம்பர்ல பதிஞ்சது எப்படி வரும்?" மாநிலத்தின் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் இதுதான் கதை. வில்லங்கச் சான்று பொய் சொல்லாது. கேட்ட எண்ணுக்கு, கேட்ட வருஷங்களுக்கு மட்டும் பதில் சொல்லும். பதிவாகாத உயிலையோ, வாய்மொழிப் பாகப்பிரிவினையையோ அதனிடம் கேட்டும் பயனில்லை.

அடுத்த இரண்டு நாள் நான் ஒன்றும் பேசவில்லை. இதை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. 28,800 ரூபாயின் கனம் அப்படி. மூன்றாம் நாள் வாத்தியார் பேச்சுவாக்கில் தன் மச்சான் செங்கல்பட்டில் வக்கீல் குமாஸ்தா என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டால் உதையாவது மிச்சமாகும்.

"சார், பழைய நம்பரையும் சேர்த்து முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்துடலாம்" என்றேன். போட்டோம். 1991-ல் 112/2 என்ற எண்ணில், அப்பா பாதி மனையை மூத்த மகளுக்கு செட்டில்மென்ட் எழுதியிருந்தார். கொடுத்ததைத் தன்னிஷ்டத்துக்குத் திரும்ப எடுத்து மகனுக்கு எழுத அவருக்கு உரிமை இல்லை. ஆக, விற்கிறவரிடம் இருந்தது பாதி மனை. பத்திரத்தில் முழு மனை. அக்கா உயிரோடு, அதுவும் அடுத்த தெருவிலேயே இருந்தார்.

கிரையம் நின்றது. மனைக்காரர் என்னைத் திட்டிய திட்டு பெஞ்சில் ஒரு வாரம் ஓடியது. வளையல் அந்த வருஷம் முழுகிப்போனது. வாத்தியாரோ பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டார்: "தன் காசு போனாலும் பரவாயில்லைன்னு உள்ளதைச் சொன்ன புரோக்கர்." ஊரார் பிற்பாடு நேர்மை என்று பேர் வைத்தார்கள், அன்றைக்கு எனக்கு அது வெறும் பயம்.

பேர் வந்துவிட்டால் அதற்கேற்ப நடக்க வேண்டிய தொல்லையும் வருகிறது. வருகிறவர்கள் முதலில் பத்திரத்தைத்தான் நீட்டினார்கள், மனையைப் பார்ப்பது அப்புறம். உட்பிரிவு எப்போது ஆனது, பட்டா யார் பெயரில், பக்கத்து மனைகளின் செக்குபந்தி என்ன சொல்கிறது என்று பார்த்துக் கொடுத்துக் கொண்டிருந்தேன். நெட் ரேட் தானாகவே செத்துப்போனது. இப்படிக் குடைகிறவனிடம் விற்பவரும் வாங்குபவரும் பேசாமல் இருப்பார்களா? கையில் நின்றது இரு தரப்பிலும் ஒரு சதவீதம். கூட, வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகளுக்கு ஆள் பார்த்துக் கொடுத்தால் ஒரு மாத வாடகை. பெஞ்சுக்காரர்கள் என்னை "வாடகை புரோக்கர்" என்று கிண்டல் செய்தார்கள். சில்லறைக் காசுதான். ஆனால் மார்கழியிலும் வந்தது.

சிரித்தவர்கள் 2016-ல் சிரிப்பை நிறுத்தினார்கள். செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று தடை விதித்தது. எங்கள் பக்கத்தில் விற்ற மனைகளில் பாதிக்கு மேல் பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்தைத் தவிர வேறு அங்கீகாரம் இல்லாதவை. அந்த அதிர்ச்சி அடங்கும் முன்பே நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாமல் போனது. அட்வான்ஸ் எல்லாம் நோட்டுக் கட்டாக நடந்த தொழில். அடுத்த மே மாதம் வரன்முறை விதிகள் வரும் வரை பெஞ்சில் உட்கார இடம் தாராளமாகக் கிடைத்தது. இரண்டு பேர் ஆட்டோ ஓட்டப் போனார்கள். எனக்கும் பெரிய கிரையம் ஒன்றும் இல்லை. பதினெட்டு வாடகை வீடுகள் இருந்தன.

2017 ஜூனில் ரியல் எஸ்டேட் சட்டத்துக்கான தமிழ்நாட்டு விதிகள் வந்தன. 500 சதுர மீட்டருக்கோ எட்டு வீட்டுக்கோ மேற்பட்ட புதுத் திட்டம் என்றால் ஆணையத்தில் பதிவு வேண்டும், அதை விற்றுத் தருகிறவனும் பதிவு செய்ய வேண்டும். மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், மனை விலையில் ஐந்து சதவீதம் வரை ஏறலாம். நான் விண்ணப்பித்தேன். பான் அட்டை, வருமான வரிக் கணக்கு, ஆபீஸ் முகவரி எல்லாம் கேட்டார்கள். டீக்கடை பெஞ்சை முகவரியாகக் கொடுக்க முடியாது. கண்ணாடிக் கதவு வந்தது அதனால்தான்.

பதிவு செய்த பிறகுதான் தெரிந்தது, போனது எது என்று. அனுமதி வருவதற்கு முன்பே காசு வாங்கும் பிரீ-லான்ச் விற்பனை சட்டப்படி நின்றது. கட்டுநர் எனக்குத் தரும் கமிஷன் வங்கியில், வரி பிடித்துக்கொண்டு வந்தது. அதுவும் ஒரே தவணையில் இல்லை. முன்பணமாகப் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்க வேண்டுமானால் கட்டுநர் முதலில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும்; அந்தப் பதிவுக்குப் பிறகு எனக்குப் பாதி, கிரையத்துக்குப் பிறகு மீதி.

"என்னங்க, சொன்னதுல அஞ்சு பர்சென்ட் குறையுதே?" என்றாள் மனைவி, பாஸ்புக்கைப் பார்த்து. அரசாங்கம் எடுத்துக்கொண்டது என்றேன். அவள் நம்பவில்லை. மூன்று வருஷம் அந்தக் குறைந்த தொகையைக் கணக்கில் காட்டிய பிறகு ஒரு வங்கி எனக்கு வீட்டுக்கடன் கொடுத்தது. அதுவரை நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வீடு முடித்துக் கொடுத்துவிட்டு வாடகை வீட்டில் இருந்தவன் நான்.

சான்றிதழ் ஐந்து வருஷத்துக்கு. 2018-ல் வாங்கி 2023-ல் புதுப்பித்தேன். ஆனால் அது என் வேலையில் பாதியைத் தொடுவதே இல்லை. பழைய வீட்டை ஒருவர் இன்னொருவருக்கு விற்கும் மறுவிற்பனைக்கு இந்தப் பதிவு தேவையில்லை. வில்லங்கத்தை இப்போது கைப்பேசியிலேயே பார்க்கலாம், பெரும்பாலான அலுவலகங்களில் 1975 முதல். அப்படிப் பார்த்துவிட்டு "எல்லாம் கிளியர்" என்று வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எந்த நம்பரில் தேடினீர்கள்?

போன மாதம் வாத்தியாரின் மகள் வந்தார். வாத்தியார் கடைசியில் வேறு தெருவில் வாங்கிய மனையில் கட்டிய வீடு, விற்க வேண்டும். உள்ளே வந்ததும் முதலில் சுவரில் இருந்த சான்றிதழைப் போட்டோ எடுத்து, பதிவு எண் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கிறதா என்று பார்த்தார். இது மறுவிற்பனை, இதற்கு அந்த எண்ணே வேண்டாமம்மா என்றேன். இருக்கட்டும் அங்கிள் என்று சரிபார்த்து முடித்தார். நான் பழைய சர்வே எண்ணையும் புது எண்ணையும் கேட்டு எழுதிக்கொண்டேன்.

"அப்பா எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார் அங்கிள். உங்களை மாதிரி நாணயமான ஆள் கிடையாதுன்னு சொல்லி அனுப்பினார்." கொஞ்சம் தயங்கினார். "ஒரு பர்சென்ட் கேட்பார், அரையில ஆரம்பின்னும் சொன்னார்."